2/3x என்று அனுப்பினால் எதிரில் இருப்பவர் எப்படிப் படிப்பார்? கணக்கை ஒரே வரியில் எழுத ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேயே தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். மீதிப் பேர் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் புதுச்சேரிப் பிள்ளைகள், சி.பி.எஸ்.இ. எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுதான். ஒரு தேர்வுக்கு வினாத்தாளைக் கடையில் கொடுத்து டைப் செய்து வாங்கினேன். என் கையெழுத்தில் மேலும் கீழுமாக இருந்த பின்னம், அச்சில் `2/3x = 4` என்று ஒரே வரியில் படுத்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் 6 என்று எழுதினார்கள், பாதிப் பேர் 1/6 என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் செய்முறையில் ஒரு பிசகும் இல்லை. யாருக்கு மார்க் போடுவது என்று பெற்றோர்களிடம் பேசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கணக்கைப் போனில் அனுப்ப, கம்ப்யூட்டரில் அடிக்க, கடையில் டைப் செய்யக் கொடுக்க இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

தேவையானவை, செலவு, நேரம்

கையில் மூலக் கணக்கு இருக்க வேண்டும்: புத்தகப் பக்கமோ, கையால் எழுதிய தாளோ. ஏற்கெனவே யாரோ டைப் செய்து அனுப்பிய வரியை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அதிலேயே அடைப்புக்குறி போயிருக்கலாம். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், போனில் இருக்கும் கீபோர்டு போதும். பைசா செலவில்லை. ஒரு வரியை எழுதிச் சரிபார்க்க இரண்டு நிமிடம் ஆகும், பழகிவிட்டால் அதுவும் ஆகாது. கடையில் கொடுத்தால்தான் காசும் நாளும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## 1. முதலில் பின்னக் கோட்டின் நீளத்தைப் பாருங்கள்

தாளில் எழுதும்போது பின்னக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. 2-க்குக் கீழே ஒரு சின்னக் கோடு, அதன் கீழே 3, கோட்டுக்குப் பக்கத்தில் நடுமட்டத்தில் x என்று இருந்தால், x பின்னத்துக்கு வெளியே இருக்கிறது. கோடு நீண்டு, அதன் கீழே 3x முழுவதும் இருந்தால், x பகுதியில் இருக்கிறது. கண்ணால் பார்த்தாலே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

போனில் அடிக்கும் `/` குறிக்கு நீளம் கிடையாது. அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்ட அதனால் முடியாது. ஆகவே அடிக்கத் தொடங்கும் முன், மூலத்தில் கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் என்ன, கீழே இருப்பதெல்லாம் என்ன என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வட்டத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணோ எழுத்தோ இருந்தால், அந்த வட்டம் அப்படியே அடைப்புக்குறியாக மாற வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## 2. 2/3x-ஐ எப்போதும் இரண்டில் ஒன்றாக எழுதுங்கள்

x வெளியே இருந்தால்:

```
(2/3)*x
```

x கீழே இருந்தால்:

```
2/(3*x)
```

மூன்றாவது வழி வேண்டாம். `2/3x` என்று வெறுமனே எழுதினால் அது படிப்பவரைப் பொறுத்தது. அதைத்தான் பல பேர் நம்ப மறுக்கிறார்கள். "போட்மாஸ் விதி இருக்கே மிஸ், அதுபடி ஒரே விடைதானே வரணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விதிப்படி வகுத்தலும் பெருக்கலும் ஒரே நிலை, இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். அதனால் `2/3*x` என்று பெருக்கல் குறியோடு எழுதியிருந்தால் குழப்பமே இல்லை: முதலில் 2/3, பிறகு x-ஆல் பெருக்கல். சிக்கல் என்னவென்றால், `3x` என்று ஒட்டி எழுதியதும் அது ஒரே பொருள்போலக் கண்ணுக்குப் படுகிறது. ஒட்டி எழுதிய பெருக்கலை வகுத்தலுக்கு முன்பே செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. இயற்பியல் ஆய்விதழ்கள் சிலவற்றின் எழுத்து நடைக் குறிப்பிலேயே அது இருக்கிறது. அலகுகளுக்கும் குறியீடுகளுக்குமான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ 80000-2 இந்தச் சண்டைக்கே போவதில்லை: சாய்கோட்டுக்குப் பின்னால் அதே வரியில் பெருக்கல் குறியோ வகுத்தல் குறியோ வந்தால் அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும் என்கிறது.

கருவிகளும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. கேசியோ கிளாஸ்விஸ் வகைக் கால்குலேட்டரில் ÷ விசையை வைத்து 2÷3A என்று அடித்தால், அது தானாகவே 2÷(3A) என்று அடைப்பு போட்டுக் காட்டிவிட்டு அதற்கான விடையைத் தரும். வரைபடம் போட உதவும் டெஸ்மாஸில் 2, சாய்கோடு, 3, x என்று வரிசையாக அடித்தால், சாய்கோடு போட்டதும் கர்சர் கீழே இறங்கிவிடும், 3-ம் x-ம் பகுதிக்குள்ளேயே போகும். x-ஐ வெளியே கொண்டுவர வலது அம்புக்குறியை அழுத்த வேண்டும். நிரல் எழுதும் மொழியான பைத்தானில் `2/3x` என்று அடித்தால் SyntaxError என்று நின்றுவிடும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல பிள்ளை: புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்கிறது. மற்றவை நம்மைக் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. ஆண்ட்ராய்டு கீபோர்டில் எண் 2-ஐ அழுத்திப் பிடித்தால் ⅔ என்ற ஒற்றை எழுத்து கிடைக்கும். ⅔x என்று அனுப்பினால் x வெளியே இருப்பது எல்லோருக்கும் புரியும். மனிதருக்கு அனுப்ப அது சரி. கம்ப்யூட்டரில் சூத்திரமாக அடிக்க அது உதவாது.

## 3. விடை தலைகீழாக வந்தால் அடைப்புக்குறியைச் சந்தேகப்படுங்கள்

`2/3x = 4` என்பதை இரண்டு விதமாகவும் முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

x வெளியே என்றால் (2/3)x = 4. இரு பக்கமும் 3-ஆல் பெருக்க 2x = 12, ஆக x = 6.

x கீழே என்றால் 2/(3x) = 4. இரு பக்கமும் 3x-ஆல் பெருக்க 2 = 12x, ஆக x = 2/12, சுருக்கினால் 1/6.

6-ம் 1/6-ம் ஒன்றுக்கொன்று தலைகீழி. இது தற்செயல் இல்லை. 2, 3, 4-க்குப் பதில் a, b, c என்று வைத்துப் பாருங்கள்: முதல் வகையில் x = bc/a, இரண்டாம் வகையில் x = a/(bc). பூச்சியம் தவிர எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டு விடைகளின் பெருக்கல் பலன் 1-தான்.

இது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய நல்ல சோதனை. உங்கள் பிள்ளையின் விடையும் புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடையும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒன்று மற்றொன்றின் தலைகீழாக இருக்கிறது என்றால், செய்முறையைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். கணக்கு எழுதப்பட்ட வரியைப் பாருங்கள். `2/3x + 5 = 9` என்று தனி எண் கூடியிருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் 5-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் பழைய சமன்பாடே வந்துவிடுகிறது. ஆனால் `2/3x + x = 10` என்பதுபோல x வேறோர் இடத்திலும் இருந்தால் பொருந்தாது. அங்கே இரண்டாவது வாசிப்பில் இருபடிச் சமன்பாடு வந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எளிய சமன்பாட்டுப் பாடத்தில் திடீரென்று இருபடிச் சமன்பாட்டோடு வந்து நின்றால் அதுவும் ஒரு தடயம்தான்.

## 4. அனுப்பும் முன் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஆனால் 1 வேண்டாம்

எழுதி முடித்த வரி மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, x-க்கு ஒரு எண் கொடுப்பது. மூலத்தில் ஒரு தடவை, டைப் செய்த வரியில் ஒரு தடவை. இரண்டிலும் ஒரே மதிப்பு வர வேண்டும்.

இதில் எல்லோரும் விழும் பள்ளம், சுலபமாக இருக்கிறதே என்று 1-ஐப் போடுவது. x = 1 என்றால் (2/3)x-ம் 2/3, 2/(3x)-ம் 2/3. தவறாக எழுதியிருந்தாலும் சரியென்றே காட்டும். −1 போட்டாலும் இரண்டும் −2/3. 0 போட்டால் ஒன்று 0 ஆகிறது, மற்றொன்றில் பூச்சியத்தால் வகுக்க முடியாமல் நிற்கிறது. வித்தியாசம் தெரியத்தான் செய்யும், ஆனால் பகுதியில் x இருக்கும் சரியான கணக்கையும் 0 முடக்கிவிடும். 3-ஐப் போடுங்கள்: ஒன்று 2, மற்றொன்று 2/9. சந்தேகமே இருக்காது.

## 5. கூட்டல், கழித்தல் உள்ள பின்னத்தில் மேலேயும் கீழேயும் அடைப்பு

மேலே x + 1, கீழே x − 2. இதைப் பிள்ளைகள் அனுப்புவது இப்படி:

```
x+1/x-2
```

எழுதியபடி படித்தால் இது x, கூட்டல் 1/x, கழித்தல் 2. வகுத்தல் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் 1-ஐயும் x-ஐயும் மட்டும் எடுத்துக்கொள்ளும். x = 4 என்று வைத்தால் 4 + 0.25 − 2, அதாவது 2.25. பிள்ளை மனதில் வைத்திருப்பது 5/2, அதாவது 2.5. பாருங்கள், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! தோராயமாகப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று விட்டுவிடத் தோன்றும்.

ஒரே ஓர் அடைப்பு போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது இதைவிட அதிகம் நடக்கிறது. `(x+1)/x-2` என்று மேலே மட்டும் போட்டால் அதே 4-க்கு −0.75 வரும். `x+1/(x-2)` என்று கீழே மட்டும் போட்டால் 4.5 வரும். ஒரே எழுத்துகள்தான், நாலு மதிப்பு. சரியானது இது ஒன்றே:

```
(x+1)/(x-2)
```

மேலே மட்டும் அடைப்பு போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு ஊகம். வகுப்பில் வாயால் சொல்லும்போது "எக்ஸ் பிளஸ் ஒன் ஹோல் பை எக்ஸ் மைனஸ் டூ" என்கிறோம். அந்த 'ஹோல்' மேலே இருப்பதைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கீழே இருப்பதைக் கட்ட நம் பேச்சில் ஒன்றுமே இல்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்பதால் அங்கே குறை தெரிவதில்லை. அதே வாக்கியத்தைப் போனில் சொன்னாலோ, குரல் பதிவாக அனுப்பினாலோ கீழ்ப்பகுதி அவிழ்ந்துவிடும். குரலில் அனுப்புவதாக இருந்தால் "மேலே எக்ஸ் பிளஸ் ஒன், கீழே எக்ஸ் மைனஸ் டூ" என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

## 6. இருபடிச் சூத்திரம்: மூன்று அடைப்பு இருக்கிறதா என்று எண்ணுங்கள்

பத்தாம் வகுப்பில் வரும் சூத்திரத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்போதுதான் எல்லாக் குறையும் ஒன்றாகச் சேரும். சரியான வடிவம் இது (கூட்டல் குறிக்கு மட்டும்):

```
(-b + sqrt(b^2 - 4*a*c)) / (2*a)
```

வர்க்கமூலத்துக்குள் இருப்பதற்கு ஒன்று, மேலே இருப்பது முழுவதுக்கும் ஒன்று, கீழே 2a-வுக்கு ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுப்பாதீர்கள்.

2x² − 5x + 2 = 0 என்று எடுத்துக்கொள்வோம். a = 2, b = −5, c = 2. உள்ளே 25 − 16 = 9, அதன் மூலம் 3. ஆக (5 + 3)/4 = 2. திரும்பப் போட்டுப் பார்த்தால் 8 − 10 + 2 = 0, சரி.

இப்போது கீழே உள்ள அடைப்பை எடுத்துவிட்டு `/2*a` என்று அடியுங்கள். 8-ஐ 2-ஆல் வகுத்து, வந்ததை a-ஆல், அதாவது 2-ஆல், பெருக்கிவிடும். விடை 8. கீழே அடைப்பு வைத்து மேலே எடுத்துவிட்டால் 5 + 3/4, அதாவது 5.75. இரண்டையும் சமன்பாட்டில் போட்டால் பூச்சியம் வராது, உடனே மாட்டிக்கொள்ளும்.

மாட்டாமல் தப்பிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. x² − 5x + 6 = 0 போல a = 1 ஆக இருந்தால், `/2*a` என்றாலும் `/(2*a)` என்றாலும் 2-ஆல் வகுப்பதுதான். விடை 3 என்று ஒழுங்காக வரும். எக்செல்லில் சூத்திரம் போட்டு, இப்படி ஒரு சுலபமான கணக்கில் சோதித்துப் பார்த்து, 'வேலை செய்கிறது' என்று குழுவில் பகிர்ந்துவிடுவார்கள். அடுத்த கணக்கில் a = 3 வரும்போது எல்லாமே தப்பாகும். அதனால் சூத்திரத்தைச் சோதிக்க a = 1 உள்ள கணக்கை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எக்செல்லில் a, b, c மூன்றும் A1, B1, C1-இல் இருந்தால் அடிக்க வேண்டியது:

```
=(-B1+SQRT(B1^2-4*A1*C1))/(2*A1)
```

முன்னால் = போட மறக்காதீர்கள். அது இல்லாமல் ஒரு கட்டத்தில் 2/3 என்று மட்டும் அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும்.

## 7. அடுக்கும் கழித்தல் குறியும்

b = −5 என்று எண்ணாகவே போடும்போது `(-5)^2` என்று எழுத வேண்டும். அடைப்பில்லாமல் −5² என்று கால்குலேட்டரில் அடித்தால் முதலில் 5-ஐ வர்க்கம் செய்து பிறகு கழித்தல் குறி போட்டு −25 தரும். மேலே உள்ள கணக்கில் −25 − 16 = −41 ஆகி, மூலம் எடுக்கப் போனால் Math ERROR என்று வந்து நிற்கும். பைத்தானும் `-5**2`-க்கு −25 என்றுதான் சொல்லும். எக்செல் மட்டும் `=-5^2` என்றால் 25 என்கிறது, கழித்தல் குறியை முதலில் எடுத்துக்கொள்வதால். எக்செல்லில் சரியாக வந்ததே என்று அதே வரியை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் சிக்கல். அடைப்பு போட்டுவிட்டால் எல்லா இடத்திலும் 25.

அடுக்கில் பின்னம் வந்தாலும் அப்படியே. `x^1/2` என்பது x-இல் பாதி, `x^(1/2)` என்பது வர்க்கமூலம். x = 16 என்றால் ஒன்று 8, மற்றொன்று 4.

கலப்புப் பின்னத்தை ஒரே வரியில் எழுதாதீர்கள். `2 1/3` என்று அனுப்பியதில் நடு இடைவெளி போய்விட்டால் அது 21/3, அதாவது 7. `7/3` என்று மாற்றி எழுதிவிடுவது நிம்மதி.

## 8. அனுப்பும்போதும் கடையில் கொடுக்கும்போதும்

வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் இரண்டு `*` வந்தால் சில சமயம் நடுவில் இருப்பது தடித்த எழுத்தாகி, இரண்டு நட்சத்திரமும் காணாமல் போய்விடும். அனுப்பிய பிறகு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கலுக்கு x என்ற எழுத்தைப் போடாதீர்கள், மாறியோடு கலந்துவிடும். முடிந்தால் மூலத் தாளின் படத்தையும் கூடவே அனுப்பிவிடுங்கள். படம் இருந்தால் எதிரில் இருப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

"அடைப்பு அதிகமாப் போட்டா மார்க் குறைப்பாங்களா மிஸ்?" என்று கேட்கிறார்கள். தேவையில்லாத அடைப்பால் மதிப்பு மாறாது. `((2)/(3))*x` பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். திறந்த அடைப்பும் மூடிய அடைப்பும் எண்ணிக்கையில் சமமாக இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது பின்னக் கோடு மறைந்துவிடும், x² என்பது x2 ஆகிவிடும். பின்னம், அடுக்கு, மூலம் உள்ள வரிகளை நகலெடுக்காமல் கையால் அடிப்பதே வேகம். திருத்தும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் மிச்சம்.

கடையில் வினாத்தாள் கொடுப்பவர்களுக்கு: கணக்குப் பக்கத்துக்குச் சாதாரணப் பக்கத்தைவிடக் கூடுதலாக வாங்குவார்கள், சமன்பாட்டு எடிட்டரில் ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருப்பதால். கொடுக்கும்போதே "பின்னம் எல்லாம் மேலும் கீழுமா வரணும் அண்ணா, சாய்கோடு போடாதீங்க" என்று சொல்லி, விலையையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு திருத்தச் சொன்னால் அதற்கும் தனியாகக் கேட்கும் கடைகள் உண்டு. அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எல்லாப் பள்ளித் தாளும் அங்கேதான் குவியும், கேட்ட நாளில் கிடைக்காது. அதற்கு முன்பே கொடுத்துவிட்டு, நகல் எடுக்கச் சொல்லும் முன் ஒரே ஒரு பிரதியை அச்செடுத்து வாங்கி, கையெழுத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னங்களை மட்டும் ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். சாய்கோடு எங்காவது தப்பி வந்திருந்தால், அந்தப் பிரதியிலேயே சிவப்புப் பேனாவால் அடைப்பு போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் அஞ்சு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.